மறுமுனையில் இருப்பது அப்பாதானா?

விரையைத் தாங்கி நிற்கும் தண்டு முறுக்கிக்கொண்டால், ஒரு பையனுக்குக் கையில் இருப்பது ஏறக்குறைய 6 மணி நேரம். விரைக்கு ரத்தம் கொண்டுவரும் தமனியும், அதைத் திரும்ப எடுத்துச் செல்லும் சிரைகளும் அந்தத் தண்டுக்குள்தான் ஓடுகின்றன. முறுக்கு விழுந்ததும் சுவர் மெலிந்த சிரைகள் முதலில் அடைபடும். உள்ளே வரும் ரத்தத்துக்கு வெளியேற வழியிருக்காது. விரை வீங்கும், வீக்கத்தின் அழுத்தத்தில் தமனியும் நின்றுபோகும். 6 மணி நேரத்துக்குள் முறுக்கைப் பிரித்துவிட்டால் பத்தில் ஒன்பது பேருக்கு விரை பிழைத்துக்கொள்கிறது. 12 மணி நேரம் ஆகிவிட்டால் ஏறக்குறைய பாதிப் பேருக்குத்தான். ஒரு முழு நாள் கடந்துவிட்டால் பெரும்பாலும் அதை எடுத்துவிட வேண்டியதுதான்.

இந்த முறுக்கு அதிகம் வருவது 12 வயதுக்கும் 18 வயதுக்கும் இடையில். அந்த வயதுப் பையன் எங்கே வலிக்கிறது என்று வீட்டில் வாய் திறக்கமாட்டான். “வயிறு வலிக்குது” என்பான். அதில் முழுப் பொய்யும் இல்லை. கருவில் விரைகள் உருவாவது வயிற்றுக்குள், சிறுநீரகத்துக்குப் பக்கத்தில். பிறகுதான் அவை கீழே இறங்கி விதைப்பைக்கு வருகின்றன. வரும்போது தம் நரம்புகளையும் ரத்தக் குழாய்களையும் மேலேயிருந்தே இழுத்துக்கொண்டு வருகின்றன. அதனால் விரை நோகும்போது அடிவயிறும் நோகிறது. குமட்டலும் வாந்தியும் சேர்ந்துகொள்கின்றன. பையனின் வெட்கமும் உடலின் இந்தப் பழைய நரம்புப் பாதையுமாகச் சேர்ந்து, முதல் இரண்டு மூன்று மணி நேரத்தை வீட்டிலேயே தின்றுவிடுகின்றன.

மிச்ச நேரத்துக்குள் ஆஸ்பத்திரியில் இன்னொரு கேள்வியும் தீர்ந்தாக வேண்டும். 18 வயது நிறையாத பையனின் உடலில் கத்தி வைக்கச் சம்மதம் சொல்வது யார்? அப்பாவும் அம்மாவும் எட்டாத தூரத்தில் இருந்தால் அந்தச் சம்மதத்தை எப்படி வாங்குவது, வாங்கியதை எப்படிப் பதிந்து வைப்பது?

ஒரு சூழலைக் கற்பனை செய்துகொள்வோம். சிவகங்கைப் பக்கத்துக் கிராமம். பையனுக்கு 13 வயது. அப்பா துபாயில் கட்டட வேலையில் இருக்கிறார். அம்மா திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் இரவு ஷிப்ட். போனை லாக்கரில் வைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். பையன் அப்பத்தாவோடு இருக்கிறான். மாலை 5 மணிக்கு வலி தொடங்குகிறது. அப்பத்தா ஓமத் தண்ணீர் கொடுக்கிறார். ஆறரைக்கு வாந்தி. எட்டே முக்காலுக்கு அரசு மருத்துவமனைக்கு வந்து சேர்கிறார்கள். டூட்டி சர்ஜன் சட்டென்று கண்டுபிடித்துவிடுகிறார். இடது விரை மேலே ஏறி, கெட்டியாகி, தொட்டால் துடிக்கும் அளவுக்கு வலி. உள் தொடையை லேசாகத் தடவினால் அந்தப் பக்கத்து விரை மேலே எழ வேண்டும், எழவில்லை. அப்போது மணி 8:55. வலி தொடங்கி நான்கு மணி நேரம் ஆகப்போகிறது.

சட்டம் எங்கே நிற்கிறது?

அப்பத்தா கையெழுத்துப் போட்டால் போதாதா என்று தோன்றும். போதும், போதாது என்ற இரண்டு பதிலுக்கும் சட்டத்தில் இடம் உண்டு.

2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதா, 1860ஆம் ஆண்டின் இந்திய தண்டனைச் சட்டத்திலிருந்து மருத்துவம் தொடர்பான சில விதிவிலக்குகளை அப்படியே எடுத்துக்கொண்டிருக்கிறது. பழைய 89ஆம் பிரிவு இப்போது 27ஆம் பிரிவு. 12 வயது நிறையாத குழந்தையின் நன்மைக்காக, நல்லெண்ணத்தோடு, அதன் பாதுகாவலரின் சம்மதத்தில் ஒரு காரியம் செய்தால் அது குற்றமாகாது என்கிறது அது. பாதுகாவலரோடு நிறுத்திக்கொள்ளாமல், குழந்தையைச் சட்டப்படி தன் பொறுப்பில் வைத்திருக்கும் வேறொருவரின் சம்மதத்தையும் ஏற்றுக்கொள்கிறது. பேரனை வளர்க்கும் அப்பத்தா இந்த இரண்டாவது வகைக்குள் இயல்பாக வந்துவிடுவார்.

நம் பையனுக்கோ 13 வயது. பழைய 90ஆம் பிரிவு, இப்போதைய 28, 12 வயது நிறையாத குழந்தை சொல்லும் சம்மதம் சம்மதமே அல்ல என்கிறது. 12ஐத் தாண்டியவன் தன் நன்மைக்கான சிகிச்சைக்குச் சொல்லும் சம்மதத்துக்குக் குற்றவியல் சட்டத்தில் மதிப்பு உண்டு என்று இதிலிருந்து வாதிட முடியும். ஆனால் 1875ஆம் ஆண்டின் வயதுவருவோர் சட்டப்படி ஒருவர் மேஜராவது 18ல்தான். மருத்துவ கவுன்சிலின் 2002ஆம் ஆண்டு நெறிமுறைகளும், மைனருக்கு அறுவை செய்யும் முன் பெற்றோரிடமோ பாதுகாவலரிடமோ எழுத்தில் சம்மதம் வாங்கச் சொல்கின்றன. 12க்கும் 18க்கும் நடுவில் இருக்கும் இந்தத் தெளிவில்லாத நிலத்தில் மருத்துவமனைகள் ஒன்றை நம்பி இன்னொன்றை விடுவதில்லை. பெற்றவர்களின் சம்மதத்தை வாங்குகின்றன. பையனின் விருப்பத்தையும் தனியாகக் கேட்டுப் பதிகின்றன.

பெற்றவர்களில் யார் என்பதற்கும் ஒரு பதில் இருக்கிறது. 1956ஆம் ஆண்டின் இந்து இளவர் மற்றும் காப்பாளர் சட்டம், இயற்கைப் பாதுகாவலர் தந்தை, அவருக்குப் பின் தாய் என்று வரிசைப்படுத்தியது. எழுத்தாளர் கீதா ஹரிஹரன் தொடுத்த வழக்கில், 1999ல் உச்ச நீதிமன்றம் இந்த வரிசையைத் தந்தை இறந்த பிறகுதான் தாய் என்று படிக்கக் கூடாது என்றது. தந்தை ஊரில் இல்லாமலோ, பிள்ளையின் பொறுப்பைக் கவனிக்க முடியாமலோ இருந்தால் தாயே பாதுகாவலர். ஆகவே கணவர் துபாயில் இருக்கும் தாயின் கையெழுத்து, கணவர் வரும்வரை ஒப்புக்கு வாங்கி வைக்கும் ஒன்றல்ல; அதுவே முழுச் சம்மதம். படிவத்தில் தந்தை பெயருக்கு மட்டும் கோடு போட்டிருந்தால் பிழை படிவத்தில் இருக்கிறது.

யாருமே கிடைக்காவிட்டால் என்ன செய்வது? அதற்குப் பழைய 92, இப்போதைய 30ஆம் பிரிவு. விபத்தில் சிக்கிய குழந்தை, உடனே அறுவை செய்யாவிட்டால் பிழைக்காது, பாதுகாவலரைக் கேட்க நேரமில்லை. குழந்தை வேண்டாம் என்று கெஞ்சினாலும் அதன் நன்மைக்காக அறுவை செய்யும் மருத்துவர் குற்றவாளி ஆகமாட்டார் என்று 1860லேயே உதாரணத்தோடு எழுதி வைத்திருக்கிறார்கள். ஆனால் இந்தப் பிரிவுக்குள் போக ஒரு நிபந்தனை உண்டு. சம்மதம் சொல்லக்கூடிய ஒருவரை உரிய நேரத்துக்குள் பிடிக்க வழியில்லாமல் போயிருக்க வேண்டும். வழியில்லாமல் போனது என்று பின்னால் காட்ட ஒரே சான்று, முயன்று பார்த்த அழைப்புகளின் பட்டியல்தான். எடுக்கப்படாத அழைப்பையும் நேரத்தோடு எழுதி வைக்கச் சொல்வது இதனால்தான்.

ஒரு குரலை எப்படி நம்புவது?

9:02க்கு அம்மாவின் எண் அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது. 9:04க்கு அப்பாவின் எண் அடித்து ஓய்கிறது. 9:05க்கு மறுபடியும். அப்பத்தாவின் போனிலிருந்து ஒரு குரல் செய்தி அனுப்புகிறார்கள். 9:14க்குத் தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வருகிறது. “நான் அப்பா பேசுறேன். என் போன்ல சார்ஜ் தீரப்போகுது, சூப்பர்வைசர் போன்ல இருந்து கூப்பிடுறேன்” என்கிறது குரல்.

இந்தக் குரலை நம்பலாமா? அப்பத்தாவிடம் கொடுத்தால் அரை நொடியில் சொல்லிவிடுவார். அந்த அரை நொடிக்குள் நடப்பது சாதாரண வேலை இல்லை. பழைய வகைத் தொலைபேசி இணைப்பு 300 ஹெர்ட்ஸுக்கும் 3400 ஹெர்ட்ஸுக்கும் இடைப்பட்ட ஒலியைத்தான் கடத்தும். ஆண் குரலின் அடிப்படை அதிர்வெண் பெரும்பாலும் 100 முதல் 150 ஹெர்ட்ஸ். அதாவது அந்தக் குரலின் அடிநாதம் இணைப்பில் வருவதே இல்லை. அதன் மடங்குகள் மட்டும் வருகின்றன. அடிநாதம் 120 என்றால் 360, 480, 600 என்று. இந்த எண்களுக்கு நடுவே ஒரே சீராக 120 இடைவெளி இருப்பதைப் பிடித்துக்கொண்டு, வந்து சேராத 120ஐ மூளை தானே இட்டு நிரப்பிக்கொள்கிறது. காதில் விழாத ஓர் ஒலியையும் சேர்த்துத்தான் அப்பத்தா தன் மகனின் குரல் என்று அடையாளம் காண்கிறார்.

இவ்வளவு திறமையான கருவியிலும் ஒரு குறை உண்டு. மூளை எதை எதிர்பார்க்கிறதோ அதைக் கேட்க முனையும். மகனின் அழைப்புக்காகப் பதற்றத்தோடு காத்திருக்கும் ஒருவருக்கு, சாயல் ஒத்த எந்தக் குரலும் மகன் குரலாகக் கேட்கக்கூடும். அண்ணன் தம்பிகளின் குரல் ஒத்திருப்பது வேறு. நடைமுறையில் யாரும் ஏமாற்ற நினைப்பதில்லை. அப்பா வேலைத்தளத்தில் மாட்டிக்கொண்டிருப்பார். அறையில் இருக்கும் தம்பியோ நண்பரோ, நேரம் போகிறதே என்ற நல்லெண்ணத்தில் “நான்தான், சொல்லுங்க” என்றுவிடுவார். சோதனை தேவைப்படுவது இந்த நல்லெண்ணப் பொய்க்குத்தான்.

ஆகவே குரலோடு வேறு ஒரு வழியும் வேண்டும். முதல் விதி, ஆம் என்று பதில் வரும் கேள்வியைக் கேட்கக் கூடாது. “நீங்க அப்பாதானே?” என்றால் யாரும் ஆம் என்பார்கள். “பையன் பிறந்த தேதி டிசம்பர்தானே?” என்று கேட்பது விடையைக் கையில் கொடுத்துவிட்டுக் கேட்பது. சர்ஜன் இப்படிக் கேட்கிறார்: “பையனோட முழுப் பேரும் பிறந்த தேதியும் சொல்லுங்க.” மறுமுனையில் வருவதைப் பள்ளி அடையாள அட்டையோடு ஒப்பிட்டுக்கொள்கிறார். அடுத்து, “இதுக்கு முன்னாடி அவனுக்கு ஏதாவது ஆபரேஷன் நடந்திருக்கா?” என்கிறார்.

“ஆமா சார். ஆறு வயசுல விழுந்து வலது முழங்கை உடைஞ்சுது. கம்பி வச்சு, அப்புறம் எடுத்தாங்க.”

சர்ஜன் பையனின் வலது முழங்கையைத் திருப்பிப் பார்க்கிறார். சின்னத் தழும்பு இருக்கிறது. எந்த அறுவைக்கும் முன்னால் கேட்டாக வேண்டிய கேள்வி அது. கேட்ட அதே கேள்வி, பேசுபவர் இந்தப் பையனை அறிந்தவர் என்பதையும் காட்டிவிட்டது. அழைப்பு பதிவேட்டில் ஏற்கெனவே இருக்கும் எண்ணிலிருந்து வந்திருந்தால், துண்டித்துவிட்டு நம் பக்கமிருந்து அந்த எண்ணுக்குத் திரும்ப அழைப்பதே மிக எளிய சோதனையாக இருந்திருக்கும். இங்கே எண் புதிது. அதனால் குரல், பிறந்த தேதி, தழும்பு என்ற மூன்று சாட்சிகள் தேவைப்பட்டன.

என்னவென்று தெரிந்து சம்மதித்தார்?

ஆள் யாரென்று உறுதியானால் பாதி வேலைதான் முடிந்திருக்கிறது. எதற்குச் சம்மதம் என்பது மறுபாதி. தில்லியில் 1995ல் 44 வயதான ஒரு பெண் வயிற்றுக்குள் குழாய் விட்டுப் பார்க்கும் பரிசோதனைக்குச் சம்மதித்து மயக்கத்தில் இருந்தார். அப்போது வெளியே காத்திருந்த அவருடைய தாயிடம் கையெழுத்து வாங்கிக் கர்ப்பப்பையையே எடுத்துவிட்டார்கள். சமீரா கோலி வழக்கு என்று பெயர் பெற்ற இதில் உச்ச நீதிமன்றம் 2008 ஜனவரியில் தீர்ப்பு சொன்னது. ஒரு பரிசோதனைக்குத் தந்த சம்மதம் அதற்கு மேற்பட்ட அறுவைக்குச் செல்லாது. உடனே செய்யாவிட்டால் உயிருக்கு ஆபத்து என்ற நிலை இருந்தால் தவிர. சுயநினைவும் முதிர்வும் உள்ளவருக்காகத் தாய் போட்ட கையெழுத்தும் செல்லாது. யார் சொன்னார், எதற்குச் சொன்னார் என்ற இரண்டு கேள்வியும் ஒரே வழக்கில் வந்து மோதின.

விரை முறுக்குக்கு இந்தத் தீர்ப்பு நேராகப் பொருந்தும். திறந்து பார்க்கும்வரை உள்ளே என்ன இருக்கிறது என்று சர்ஜனுக்கே தெரியாது. விரை கறுத்திருந்தால் முறுக்கைப் பிரித்து, வெதுவெதுப்பான உப்புநீரில் நனைத்த துணியால் மூடிக் காத்திருப்பார்கள். நிறம் திரும்பினால் தைத்து நிலைநிறுத்துவார்கள். திரும்பாவிட்டால் எடுக்க வேண்டும். எந்த அமைப்புக் குறையால் ஒரு பக்கம் முறுக்கியதோ அது பெரும்பாலும் மறுபக்கமும் இருக்கும். ஆகவே நன்றாக இருக்கும் விரையையும் அதே நேரத்தில் தைத்துவிடுவார்கள். திறப்பது, எடுக்க நேரலாம் என்பது, மறுபக்கமும் தைப்பது, இவற்றோடு மயக்க மருந்து. இந்த நான்கையும் கத்தி வைப்பதற்கு முன்பே சொல்லியாக வேண்டும். பையன் மேஜையில் மயங்கிக் கிடக்கும்போது எடுக்கலாமா என்று துபாய்க்குப் போன் போட முடியாது.

சர்ஜன் போனை ஸ்பீக்கரில் போட்டு எல்லாவற்றையும் சொல்கிறார். ஸ்டாஃப் நர்ஸ் பக்கத்தில் நின்று கேட்கிறார். சொல்லி முடித்ததும் “சரியா?” என்று கேட்டிருந்தால் சரி என்று பதில் வந்திருக்கும். அவர் கேட்பது வேறு: “நான் சொன்னதை நீங்க ஒரு தடவை திருப்பிச் சொல்லுங்க. நான் ஒழுங்கா சொன்னேனான்னு பார்க்கணும்.”

“முறுக்கிக்கிட்டு இருக்கு, பிரிச்சு விடுவீங்க. இன்னொரு பக்கமும் தையல் போடுவீங்க. மயக்க மருந்து குடுப்பீங்க.”

எடுக்க நேரலாம் என்பது அதில் இல்லை. கேட்க விரும்பாத செய்தியை மனம் இப்படித்தான் வழியில் நழுவ விட்டுவிடும். “சரி” என்ற ஒரு சொல்லை மட்டும் வாங்கியிருந்தால் இந்த ஓட்டை யாருக்கும் தெரிந்திருக்காது. சர்ஜன் அதை மட்டும் மறுபடி சொல்கிறார். சிறிது மௌனத்துக்குப் பிறகு, “ஒண்ணு போனா பின்னாடி குழந்தை குட்டி பிறக்குமா சார்?” என்று கேள்வி வருகிறது. ஒன்று நன்றாக இருந்தால் பெரும்பாலும் அதற்குத் தடை இருக்காது என்கிறார் சர்ஜன். “அப்ப செய்ங்க சார்.” சம்மதம் பிறந்தது இந்த இடத்தில்தான். கேள்வி கேட்க முடிந்தது என்பதுதான் இதன் பலம். “எல்லாத்துக்கும் சம்மதம்” என்று வாட்ஸ்அப்பில் ஒரு குரல் செய்தி மட்டும் வந்திருந்தால், அதில் கேள்விக்கு இடமில்லை. அது பின்னால் துணைச் சான்றாக உதவலாம்; உரையாடலின் இடத்தைப் பிடிக்காது.

பையனிடமும் பேச வேண்டும், அப்பத்தாவைச் சற்று வெளியே நிற்கச் சொல்லிவிட்டு. “தம்பி, உனக்கு என்ன ஆகியிருக்குன்னு தெரியுமா?” என்று தொடங்கி, அப்பாவிடம் சொன்னதைச் சின்ன வார்த்தைகளில் சொல்கிறார். வலி எப்போது தொடங்கியது என்ற உண்மையான நேரம் பெரும்பாலும் இந்தத் தனிப் பேச்சில்தான் வெளிவரும். அப்பத்தாவிடமும் அப்பாவுக்குத் தெரியாத செய்திகள் இருக்கின்றன: கடைசியாக எப்போது சாப்பிட்டான், என்ன குடித்தான், எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது. மயக்க மருந்து கொடுப்பவருக்கு ஓமத் தண்ணீர் கொடுத்த நேரம் முக்கியம்.

காகிதத்தில் என்ன நிற்க வேண்டும்?

அச்சடித்த ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போட ஒரு கோடும், பாதுகாவலர் என்று ஒரு சொல்லும் இருக்கும். இப்போது நடந்த எதற்கும் அந்தக் கோட்டில் இடமில்லை. ஆகவே கேஸ் ஷீட்டில் தனியாக எழுத வேண்டும். தமிழில் எழுதினால் ஏறக்குறைய இப்படி இருக்கும்:

“இரவு 9:02 தாயின் எண், அணைத்து வைக்கப்பட்டிருந்தது. 9:04, 9:05 தந்தையின் எண், எடுக்கவில்லை. 9:14 புதிய எண்ணிலிருந்து தந்தை அழைத்தார் (எண் முதல் பக்கத்தில்). தந்தையின் தாய் குரலை அடையாளம் சொன்னார். பையனின் பெயர், பிறந்த தேதி கேட்டுப் பள்ளி அட்டையோடு சரிபார்த்தேன். முன் அறுவை பற்றி அவர் சொன்னது வலது முழங்கைத் தழும்போடு ஒத்தது. இடது விரையைத் திறந்து பார்த்தல், தேவைப்பட்டால் எடுத்தல், வலது விரையையும் நிலைநிறுத்தல், மயக்க மருந்து, தாமதத்தின் விளைவு ஆகியவற்றைத் தமிழில் விளக்கினேன். திருப்பிச் சொன்னார், எடுத்தல் பற்றி மறுபடி விளக்கினேன். பிற்காலக் குழந்தைப்பேறு பற்றிக் கேட்டார், பதில் சொன்னேன். 9:23க்கு வாய்மொழியாகச் சம்மதித்தார். பையனிடம் தனியே விளக்கினேன், ஒப்புக்கொண்டான்.”

இதன் கீழே சர்ஜனின் பெயர், பதிவு எண், கையெழுத்து, நேரம். ஸ்பீக்கரில் கேட்ட நர்ஸ், தான் கேட்டதைத் தன் கையால் ஒரு வரி எழுதித் தனியே கையெழுத்திடுவார். அப்பத்தா அச்சுப் படிவத்தில் இடது பெருவிரல் ரேகை வைப்பார். அவருக்குப் படித்துக் காட்டியவர் யார் என்பதும், ரேகையைப் பார்த்த சாட்சி யார் என்பதும் பக்கத்தில் வரும். உறவு என்ற இடத்தில் “பாட்டி” என்று எழுதினால் போதாது. “தந்தையின் தாய், பையன் இவர் பராமரிப்பில் வசிக்கிறான்” என்று எழுத வேண்டும். “மாமா” என்று மட்டும் இருக்கும் படிவம் இதைவிட மோசம். தாயின் உடன்பிறந்தவரும் மாமா, அத்தையின் கணவரும் மாமா, வண்டி எடுத்துக்கொண்டு வந்த பக்கத்து வீட்டுக்காரரும் மாமா.

குறிப்பு உண்மையானதா என்று பின்னால் படிப்பவர் கண்டுபிடிப்பதும் இத்தகைய இடங்களில்தான். படிவத்தில் சம்மத நேரம் 9:00 என்று உருண்டையாக இருக்கும். நர்ஸ் குறிப்பில் தந்தையின் அழைப்பு 9:14 என்று இருக்கும். அட்மிஷன் போடும்போதே வெற்றுப் படிவத்தில் வாங்கிய கையெழுத்துக்கு மேலே, வேறு பேனாவில் அறுவையின் பெயர் ஏறியிருக்கும். தந்தை என்ற கோட்டில் சித்தப்பாவின் கையெழுத்து இருக்கும். விட்டுப்போனதைப் பிறகு சேர்க்கத் தடையில்லை. தாமதமாக எழுதுவது என்று குறிப்பிட்டு, எழுதும் நேரத்தையே போட வேண்டும். தவறான வரியை ஒரே கோட்டால் அடித்து, அடியில் இருப்பது படிக்கத் தெரியும்படி விட்டு, கையெழுத்திட வேண்டும்.

தியேட்டருக்குள் இன்னொரு சோதனை காத்திருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2008ல் வெளியிட்ட 19 அம்ச அறுவைப் பாதுகாப்புப் பட்டியலில், மயக்க மருந்துக்கு முன்பே நோயாளியின் அடையாளம், உடலின் எந்த இடம், என்ன அறுவை, சம்மதம் ஆகியவற்றைச் சரிபார்க்க வேண்டும். குழந்தையானால் பாதுகாவலரோ குடும்பத்தினரோ உறுதி சொல்லலாம். அவர்களும் இல்லாத அவசரத்தில் என்ன செய்வது? கட்டத்தை வெறுமையாக விட்டுவிடுங்கள் என்கிறது அதன் கையேடு. நடக்காத ஒன்றை நடந்ததாகக் குறியிடாத அந்த வெற்றுக் கட்டமும் ஓர் உண்மைப் பதிவுதான்.

உறவினரின் சொல் எதுவரை?

அப்பத்தாவின் சம்மதத்துக்குப் பலம் தருவது ஒன்றுதான்: அறுவை அந்தப் பையனின் நன்மைக்கு. அது இல்லாதபோது உறவினரின் சொல் எவ்வளவு பலவீனமானது என்று 1941ல் வாஷிங்டனில் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்த்த போனர் எதிர் மொரான் வழக்கு காட்டுகிறது. 15 வயதுப் பையன் ஒருவனின் உறவுக்காரப் பெண் தீக்காயத்தால் முடங்கிக் கிடந்தாள். தோல் ஒட்டு அறுவைக்கு ரத்த வகை பொருந்துபவர் தேவைப்பட்டார். அத்தை முறையான பெண்மணி பையனை மருத்துவமனைக்கு அழைத்துப்போனார். அவனது ரத்தம் பொருந்தியது. நோய்ப்பட்டிருந்த தாய்க்குத் தெரியாமலே அறுவை தொடங்கியது. அக்குளிலிருந்து இடுப்புவரை அவன் சதையைக் குழாய் போல உருட்டி, ஒரு முனையை அந்த உறவுக்காரப் பெண்ணின் உடலோடு இணைத்தார்கள். ரத்த ஓட்டம் சரிவராமல் முயற்சி தோற்றது; பையனுக்கு ரத்தம் ஏற்ற வேண்டியதாயிற்று. பையன் விவரம் புரிந்தவனாக இருந்தால் அவன் சம்மதமே போதும் என்று கீழ் நீதிமன்றம் ஜூரிகளுக்குச் சொல்லியிருந்தது. மேல்நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. பெற்றவரைக் கேட்காமல் செய்யலாம் என்ற விலக்குகள் எல்லாம் பிள்ளையின் நன்மையை ஒட்டிப் பிறந்தவை. இன்னொருவர் நன்மைக்கான அறுவைக்கு அவை பொருந்தா என்றது.

அவசரம் இல்லாத அறுவைகளும் கிட்டத்தட்ட இதே வரிசையில்தான் நிற்கின்றன. டான்சில் எடுக்க வந்த பிள்ளையோடு பாட்டி மட்டும் வந்திருந்தால், பெற்றவர் வரும் நாளுக்குத் தேதியை மாற்றிவிடலாம். 6 மணி நேரக் கெடு தரும் சலுகையை அங்கே கேட்க முடியாது.

மறுப்புக்கும் இதே கவனம் தேவை. தந்தை “நான் வர்ற வரைக்கும் தொடாதீங்க” என்றிருந்தால், தாமதத்தால் விரை போய்விடும் என்று விளக்கியதையும் அவர் சொன்ன பதிலையும் அதே விவரத்தோடு எழுத வேண்டும். தாயைப் பிடிக்கும் முயற்சியைத் தொடர வேண்டும். குடல்வால் அழற்சிக்கு அறுவை செய்யப்படாமல் ஒருவர் இறந்துபோன வழக்கில், நோயாளியே மறுத்துவிட்டார் என்று மருத்துவர் வாதிட்டார். அந்த மறுப்பை மெய்ப்பிக்கும் பொறுப்பு மருத்துவருடையது என்று கேரள உயர் நீதிமன்றம் 1986ல் சொல்லியிருக்கிறது.

நம் பையனை 9:50க்குத் தியேட்டருக்குள் கொண்டுபோகிறார்கள். 10:05க்குத் திறக்கிறார்கள். வலி தொடங்கி ஐந்து மணி நேரம் ஐந்து நிமிடம். ஒன்றரைச் சுற்று முறுக்கு. பிரித்துவிட்டதும் சில நிமிடங்களில் நிறம் திரும்புகிறது. 11:20க்கு அம்மா அழைக்கிறார். நடந்ததை அவரிடம் சொன்னதும் பதிவாகிறது. மறுநாள் அவர் வந்து கையெழுத்திடும்போது, நேற்றைய தேதி போட்ட படிவத்தில் இடக் கூடாது. விவரம் கேட்டறிந்தேன் என்று அன்றைய தேதியும் நேரமும் போட்டு இடுவார். முந்திய இரவுச் சம்மதம் அப்பாவின் குரலில் கிடைத்தது. இந்தக் கையெழுத்து அதன் இடத்தில் போய் உட்கார வேண்டியதில்லை.

இந்தப் பக்கங்களை எவ்வளவு காலம் வைத்திருப்பது? 2002 நெறிமுறைகள் சிகிச்சை தொடங்கியதிலிருந்து 3 ஆண்டு என்கின்றன. 1963ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டமோ, மைனருக்கு நேர்ந்ததற்கு அவர் 18 நிறைந்த பிறகு அதிகபட்சம் 3 ஆண்டு வரை வழக்குத் தொடுக்க இடம் தருகிறது. 13 வயதில் அறுவை செய்துகொண்டவன் 21 வயது நிறையும் முன் வந்து, என் உடம்பில் கை வைக்க யார் சொன்னது, என்னிடம் யாராவது கேட்டார்களா என்று கேட்கலாம். அதற்குள் சர்ஜன் நான்கு ஊர் மாறியிருப்பார். நர்ஸுக்கு அந்த இரவு நினைவிருக்காது. அப்பத்தா இருப்பாரோ என்னவோ. ஆகவே குழந்தைகளின் கேஸ் ஷீட்டை 3 ஆண்டில் கழித்துவிடாமல் அவர்கள் 21 வயதைத் தாண்டும்வரை வைத்திருப்பதே பொருத்தம். பிள்ளையைத் தாத்தா பாட்டியிடம் விட்டுவிட்டு வெளியூர் போகும் பெற்றவர்கள் செய்யக்கூடியதும் ஒன்று உண்டு. பிள்ளையின் பிறந்த தேதி, ஒத்துக்கொள்ளாத மருந்து, முன்பு நடந்த அறுவை, தங்களைப் பிடிக்க ஆளுக்கு இரண்டு எண்கள், அதில் ஒன்று வேலையிடத்து எண், அவசரத்தில் பிள்ளையின் சிகிச்சைக்கு இன்னார் சம்மதம் சொல்லலாம் என்று கையெழுத்திட்ட இரண்டு வரி. இத்தனையும் ஒரே தாளில் அடங்கும். அந்தத் தாள் பையனின் பள்ளி அட்டையோடு இருந்திருந்தால், அன்று 9:02க்கே சூப்பர்வைசரின் போன் அடித்திருக்கும்.